கற்றுக்கொண்டே எழுதுவது

தெரியும் என்று நினைப்பதற்கும் உண்மையில் தெரிந்திருப்பதற்கும் உள்ள இடைவெளி, விளக்கிச் சொல்ல வேண்டிவரும்போதுதான் வெளிப்படும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கீல் என்ற இரு உளவியலாளர்கள் இதை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். ஜிப் எப்படி இயங்குகிறது என்பது போன்றவை எவ்வளவு தெரியும் என்று கேட்டு, முதலில் மதிப்பெண் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அடுத்து, அது இயங்கும் விதத்தைப் படிப்படியாக எழுதச் சொன்னார்கள். எழுதிய பிறகு மறுபடியும் மதிப்பெண் கேட்டபோது பலரும் தங்களுக்குக் குறைத்தே போட்டுக்கொண்டார்கள்.

கற்பதை அப்போதைக்கப்போது எழுதி வெளியிடும் பழக்கம் கணினித் துறையில் பரவலாக இருப்பதற்கு இது ஒரு காரணம். தனக்காக நோட்டில் குறிப்பவர் புரியாத படியைத் தாண்டிப் போய்விடலாம். முன்பின் தெரியாத ஒருவர் படிப்பார் என்றால் அந்தப் படியையும் எழுதியாக வேண்டும்.

பைத்தான் நிரல்மொழி பழகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு தமிழ்ச் சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ண வேண்டும். `len("தமிழ்")` என்று கொடுத்தால் 3 வர வேண்டிய இடத்தில் 5 வருகிறது. தேடிப் பார்த்தால் காரணம் கிடைக்கிறது: யூனிகோடில் ‘மி’ என்பது ‘ம’ ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள். ‘ழ்’ என்பதும் ‘ழ’ ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு. பைத்தான் எண்ணுவது எழுத்தை அல்ல, குறியீட்டை.

குறிகளை விட்டுவிட்டு எண்ணினால் போதும் என்று அவர் முடிவு செய்கிறார். யூனிகோடு ஒவ்வொரு குறியீட்டையும் ஒரு வகையில் சேர்த்திருக்கிறது. அதில் `Mn` என்ற வகையை நீக்கிவிட்டு ‘நீர்’ என்ற சொல்லில் சோதிக்கிறார். சரியாக 2 வருகிறது. தனக்காக மட்டும் படிப்பவர் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பார். குறிப்பாக எழுதும்போது, தொடங்கிய சொல்லையே எடுத்துக்காட்டாகக் காட்ட வேண்டியிருக்கிறது. ‘தமிழ்’ என்று கொடுத்ததும் 4 வருகிறது. ஈகாரக் குறியும் புள்ளியும் `Mn` வகை. இகரக் குறியோ `Mc` வகை. ‘நீர்’ என்ற சொல்லில் விடை சரியாக வந்தது தற்செயல். `M` என்று தொடங்கும் எல்லா வகைகளையும் விட வேண்டும் என்பது அப்போதுதான் தெரிகிறது.

```python
import unicodedata
sol = "தமிழ்"
print(len(sol))   # 5
print(sum(1 for e in sol
      if not unicodedata.category(e).startswith("M")))   # 3
```

‘இது எல்லாச் சொற்களுக்கும் பொருந்தும்’ என்று எழுதப் போகும்போது அடுத்த சந்தேகம் வருகிறது. ‘பக்ஷி’ என்று கொடுத்தால் 3 வருகிறது. ‘க்ஷி’யை ஓர் எழுத்தாகக் கொள்பவர் 2 என்பார். ‘ஸ்ரீ’ என்பதற்கும் 1 வராமல் 2 வருகிறது. ஆகவே ‘கூட்டெழுத்துகளுக்கு இந்த வழி பொருந்தாது’ என்ற வரி குறிப்பில் சேர்கிறது. எடுத்த சிக்கல் ஒன்று. எழுதியதால் கூடுதலாகக் கிடைத்த பாடங்கள் இரண்டு.

இப்படிப்பட்ட குறிப்புக்கு நீளம் தேவையில்லை. என்ன செய்ய முயன்றது, என்ன விடை வந்தது, ஏன் அப்படி வந்தது, எந்த வழி சரிப்பட்டது, அந்த வழி எங்கே சரிப்படாது என்ற ஐந்தும் இருந்தால் போதும். பயன்படுத்திய பைத்தான் பதிப்பையும் எழுதிய தேதியையும் சேர்ப்பது நல்லது. சில ஆண்டுகள் கழித்துப் படிப்பவருக்கு விடை மாறியிருக்கக்கூடும். ஜாங்கோ என்ற வலைக்கட்டமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான சைமன் வில்லிசன், ‘இன்று கற்றது’ என்ற வகையில் இத்தகைய சிறு குறிப்புகளைத் தொடர்ந்து வெளியிடுகிறார். பல்லாண்டு அனுபவமுள்ளவர், ஆனாலும் அன்று புதிதாகத் தெரிந்த ஒரு சிறு கட்டளைகூட அவருக்கு ஒரு குறிப்பாகிறது. வெளியிடுவதற்கும் செலவில்லை. கிட்ஹப் தளத்தில் ஒரு கோப்பாக இட்டாலே எவரும் படிக்கலாம்.

தலைப்பில் கவனம் வேண்டும். ‘பைத்தானில் என் மூன்றாம் நாள்’ என்ற தலைப்பை யாரும் தேடிப் போவதில்லை. அதே சிக்கலில் மாட்டிக்கொண்டவர் தேடுபொறியில் தட்டச்சு செய்யும் சொற்களே தலைப்பாக இருக்க வேண்டும்: ‘பைத்தானில் தமிழ் எழுத்துகளை எண்ணும்போது len தவறாகக் காட்டுவது ஏன்?’ பிழைச்செய்தி ஏதேனும் வந்திருந்தால் அதை ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே குறிப்பில் இடவேண்டும்.

வாய்ப்புகள் வருவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். குறிப்பைத் தேடி வந்து படித்த ஒருவர், ‘இதற்கென்றே ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நிரல்தொகுப்பு இருக்கிறதே’ என்று சுட்டிக்காட்டலாம். அதை நிறுவி, கூட்டெழுத்துகளுக்கு என்ன விடை தருகிறது என்று சோதித்து, கண்டதைத் தொகுப்பைப் பராமரிப்பவர்களுக்கு எழுதினால் அங்கே அறிமுகம் கிடைக்கிறது. விளக்கக் குறிப்பைத் திருத்துவதில் தொடங்கி, நிரலிலேயே கைவைக்கும் அளவுக்கு அது வளரலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், ‘பைத்தான் தெரியும்’ என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, விண்ணப்பதாரர் ஒரு சிக்கலை எப்படிப் பிரித்துப் பார்க்கிறார் என்பதை நேர்காணல் செய்பவர் முன்கூட்டியே படித்துவிட முடிகிறது.

இதையே ஒரு தொழிலாக வளர்த்தவர் ஜூலியா எவன்ஸ். நியூயார்க்கில் அன்று ஹேக்கர் ஸ்கூல் என்ற பெயரில் இயங்கிய பயிற்சியிடத்தில் 2013இல் பயின்றபோது, அன்றன்று கற்றதை எழுதி வெளியிட்டார். இயங்குதளம், வலையமைப்பு போன்ற கடினமான பொருள்களை, தெரியாதவரின் கேள்விகளோடு அணுகும் நடை அவருடையது. பிற்பாடு அதே பொருள்களைக் கையால் வரைந்த சிறு புத்தகங்களாக்கி, விசார்ட் ஜைன்ஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. பல மாதங்கள் ஒருவரும் படிக்காமலே போகலாம். அதனால் பலர் வாசகரை ஈர்க்க, தாங்கள் முயன்று பார்க்காததையும் எழுதத் தொடங்குகிறார்கள்; ஆவணத்தில் உள்ளதையே வேறு சொற்களில் திருப்பி எழுதுகிறார்கள். இந்த நழுவலைக் கண்டுபிடிப்பது எளிது. எதிர்பாராத விடை ஒன்றுகூட குறிப்பில் இல்லையென்றால், எழுதியவர் எதையும் சோதிக்கவில்லை என்று பொருள். புதிதாகக் கற்பவர் ஆசிரியர் குரலில் பேசுவதும் ஆபத்து. ‘இப்படித்தான் செய்ய வேண்டும்’ என்பதைவிட, ‘இந்தச் சொற்களில் சோதித்தேன், இந்த விடை வந்தது’ என்பது நேர்மையானது. பிழை இருந்தாலும் படிப்பவர் எந்த இடத்தில் என்று சொல்லித் திருத்த முடியும். திருத்தம் வந்தால் பழைய வரியைச் சுவடில்லாமல் அழிக்காமல், தேதியிட்டுக் கீழே சேர்ப்பது வழக்கம்.

அலுவலகச் சிக்கலை எழுதும்போது வாடிக்கையாளரின் தரவும் நிறுவனத்தின் நிரலும் வெளியே போகக்கூடாது. அதே சிக்கலைக் காட்டும் சிறிய மாதிரி ஒன்றைப் புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும். அப்படிச் சுருக்கும்போதே காரணம் பிடிபடுவதும் உண்டு. கடவுச்சொல் தெரியாமல் கோப்போடு கிட்ஹபில் ஏறிவிட்டால், அந்த வரியை மட்டும் நீக்கினால் போதாது. கோப்பின் பழைய பதிப்புகளும் அங்கே இருக்கும். கடவுச்சொல்லையே உடனே மாற்றிவிட வேண்டும்.