உங்களுக்குத் தெரியுமா? வரி கட்ட வேண்டாதவருக்கும் ரிட்டர்ன் உதவும்

தெள்ளாரில் கூலிக்குப் பட்டு நெய்யும் ஒருவருக்கு ஆரணி முதலாளி ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் கூலி தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய அளவில் வியாபாரம் செய்யும் முதலாளி, ஆண்டுக் கூலி ஒரு லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். இங்கே அது 1,800 ரூபாய். இந்த வருமானத்துக்கு வரியே கிடையாது. ஆனாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்பி வரும்.

முதலில் வருமான வரித் தளத்தில் 26AS படிவத்தைத் திறந்து, 1,800 ரூபாய் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், முதலாளியின் கணக்கர் பான் எண்ணைத் தவறாக எழுதியிருக்கலாம். அவர்தான் திருத்திக் கொடுக்க வேண்டும். பான் எண்ணே தராதவருக்கு 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள்.

கூலி நெசவாளருக்குப் பெரும்பாலும் ITR-4 படிவம் பொருந்தும். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போன்ற ஒரு வழியில் சரிபார்க்காவிட்டால் ரிட்டர்ன் செல்லாது.

ரீஃபண்ட் வங்கிக் கணக்கிலும் சிக்கலாம். நம் ஊரில் பாஸ்புக்கில் இனிஷியலும் பான் அட்டையில் அப்பாவின் முழுப்பெயரும் இருப்பது சகஜம். பெயர் ஒத்துப்போகாவிட்டால் தளத்தில் கணக்கின் முன்சரிபார்ப்பு தோல்வியடையலாம். சரிபார்க்கப்படாத கணக்குக்குப் பணம் வராது. ஆகவே தாக்கலுக்கு முன்பே முன்சரிபார்ப்பை முடித்துவிடுங்கள்.