ஒப்பந்தத்தை வாசித்தல் – 7: ‘ஒழிய’ எங்கே போனது?

1987 ஜூலை 29இல் கையெழுத்தான இலங்கை–இந்திய ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் ஒரே வரியில் சுருக்கிவிடுவார்கள்: வடக்கும் கிழக்கும் ஒரே நிர்வாக அலகாகும், கிழக்கு மக்கள் 1988 டிசம்பர் 31க்குள் வாக்கெடுப்பில் முடிவு சொல்வார்கள். தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வாக்கெடுப்பைச் சொல்லும் அதே 2.3ஆம் பந்தியில் இன்னொரு வாக்கியமும் இருக்கிறது: ஜனாதிபதி தன் விருப்பத்தின்படி வாக்கெடுப்பை ஒத்திவைக்கலாம். எவ்வளவு காலத்துக்கு, எத்தனை தடவை என்று அங்கே எல்லை இல்லை. ஆகவே ‘க்குள்’ என்பது வெறும் விருப்பத் தேதிதான். வாக்கெடுப்பு கடைசிவரை நடக்கவில்லை. கிழக்கிலுள்ள கிளிவெட்டி வாக்காளர் எவரும் அந்தக் கேள்விக்குப் புள்ளடி போட்டதில்லை.

இதைவிடப் பெரிய விடுபடல் சட்டத்தில் நடந்தது. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவை ‘அடுத்தடுத்த மாகாணங்களை ஜனாதிபதி பிரகடனத்தால் இணைக்கலாம்’ என்று சுருக்குவோர் உண்டு. அது முதல் பந்தி மட்டும். அடுத்த பந்தி வடக்கு, கிழக்குக்கென்றே எழுதப்பட்டது. ஆயுதக் குழுக்கள் தம்மிடமிருந்த ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டன, வன்முறையும் நின்றுவிட்டது என்று ஜனாதிபதி திருப்திப்பட்டாலொழிய அவர் பிரகடனம் செய்யக் கூடாது என்கிறது அது. கவனியுங்கள், நிபந்தனை இரண்டு. நடுவே ‘அல்லது’ இல்லை, ‘உம்’ இருக்கிறது. ஒன்று நிறைவேறினால் போதாது.

1988 செப்டம்பரில் ஆயுதங்கள் முழுதாக ஒப்படைக்கப்படவில்லை, சண்டையும் ஓயவில்லை. ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனா அவசரகால ஒழுங்குவிதி ஒன்றைப் பிறப்பித்து, ஆயுதங்களைக் களையும் நடவடிக்கை தொடங்கியிருந்தாலும் போதும் என்று அந்தப் பிரிவுக்குள் ஒரு ‘அல்லது’வைச் செருகினார். பிறகு இணைப்புப் பிரகடனம் வந்தது. 18 ஆண்டுகள் கழித்து, 2006 அக்டோபர் 16இல், உயர் நீதிமன்றம் அந்த ஒழுங்குவிதியையும் அதன் மேல் நின்ற பிரகடனத்தையும் செல்லாதென்றது. 2007 ஜனவரி 1 முதல் கிழக்கு தனி மாகாணம். அரசியல் ரீதியாக இந்தத் தீர்ப்பைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். வாசிப்பு என்ற அளவில் ‘ஒழிய’வைக் கடக்க வழியில்லை.

இத்தகைய நிபந்தனை முழுவதும் அனுமதி தரும் வாக்கியத்துக்குள்ளேயே இருப்பது அபூர்வம். அடுத்த பந்தியிலோ பின்னிணைப்பிலோ இருக்கும். 13ஆம் திருத்தத்தில் காணி மாகாண சபையின் விடயம் என்று படித்துவிட்டு நிறுத்துவோர் பலர். அதே வாக்கியம் ‘பின்வரும் விசேட ஏற்பாடுகளுக்கு அமைய’ என்று தொடர்கிறது. அந்த ஏற்பாடுகளோ அரச காணி குடியரசுக்கே உரியது என்கின்றன.

எனவே சுருக்கம் எழுதியதும் ஒரு பரிசோதனை செய்யுங்கள். ‘செய்யலாம்’, ‘செய்வார்’ என்று முடியும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், எப்போது முடியாது, அதை யார் தீர்மானிப்பது என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். பதில் வராத வரிக்கு மூலத்தின் அடுத்த இரண்டு பந்திகளையும் பின்னிணைப்பையும் மறுபடி திறக்க வேண்டும்.

அடுத்த வாரம் ‘எது எவ்வாறிருப்பினும்’. அதற்குமுன் அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரையை ஒருமுறை படித்து வையுங்கள்.