சேர வேண்டிய இடம் இல்லாத பயணம்

‘பொன்னியின் செல்வ’னைப் படிக்கத் தொடங்கச் சோழ வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. வந்தியத்தேவனுக்கே அரண்மனைச் சங்கதி முழுதாகத் தெரியாது. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். கையில் ஆதித்த கரிகாலன் தந்த இரண்டு ஓலைகள்: ஒன்று தஞ்சையில் சுந்தர சோழருக்கு, மற்றது பழையாறையில் குந்தவைக்கு. வழியில் கடம்பூரில் தங்கும் இரவில் சதிக்கூட்டத்தின் பேச்சு காதில் விழுகிறது. அவன் போகப் போக நாமும் நாட்டைத் தெரிந்துகொள்கிறோம்.

இரண்டாவது வேலையைக் குந்தவை தருகிறாள்: ஈழம் சென்று அருள்மொழியிடம் ஓலை சேர்க்க வேண்டும். கோடிக்கரை, பூங்குழலியின் படகு, கடல். இதுவும் போய்ச் சேர்ந்தால் முடிகிற வேலைதான். இப்படிப்பட்ட வேலைக்கு அவனுடைய துணிச்சலும், நொடியில் கதை கட்டும் வாயும் தாராளமாகப் போதும்.

மூன்றாவது வேலையில்தான் கல்கி அந்த அச்சை முறிக்கிறார். கரிகாலனைக் கடம்பூருக்குப் போகவிடாதே, மீறிப் போனால் அவனைவிட்டு அகலாதே என்று குந்தவை சொல்லி அனுப்புகிறாள். ஓலையைக் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது. ஒரு மனிதனைக் காப்பது என்றைக்குத் தீரும்? அதிலும் ஆபத்து என்று தெரிந்தே அங்கே போகிறவனை? கோட்டைக்குள் நுழையவும் தப்பவும் உதவிய சாமர்த்தியம் எதுவும் இங்கே பலிக்கவில்லை. கரிகாலன் சாகிறான். வந்தியத்தேவன் மீதே கொலைப்பழி விழுந்து தஞ்சைச் சிறைக்குப் போகிறான். கொன்றவர் யார் என்பதைக் கல்கி கடைசிவரை திட்டவட்டமாகச் சொல்லவில்லை. உடையார்குடிக் கல்வெட்டில் துரோகிகளின் பெயர்கள் உண்டு, கொலை நடந்த விதம் இல்லை. அந்த இடைவெளியை அவர் மூடாமல் விட்டது சரியென்றே எனக்குத் தோன்றுகிறது.

மகுடத்திலும் இதே முறிவுதான். நான்காம் பாகத்துக்கு ‘மணிமகுடம்’ என்று பெயர் வைத்து, அது அருள்மொழியின் தலைக்குத்தான் என்று நம்மை எதிர்பார்க்க வைக்கிறார். பட்டாபிஷேகத்தன்று அருள்மொழி அதை எடுத்துச் சேந்தன் அமுதனுக்குச் சூட்டிவிடுகிறான். சிற்றப்பன் ஆட்சியை விரும்பும் வரை அருள்மொழி அதை மனத்தாலும் நாடவில்லை என்ற திருவாலங்காட்டுச் செப்பேட்டுச் செய்தியே இதற்கு விதை.

இது கடைசி நேரத்தில் செருகிய திருப்பமா? முதல் பாகத்தைத் திரும்பப் புரட்டினால் தெரியும். வந்தியத்தேவன் முதன்முதலாகத் தஞ்சைக்கு வரும்போது அவனுக்குத் தங்க இடம் கொடுப்பவன், கோயிலுக்குப் புஷ்பக் கைங்கரியம் செய்யும் இந்தச் சேந்தன் அமுதன்தான். ஓலைக்காரனோடு சேர்ந்து நாமும் அவனைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

ராஜராஜன் முடிசூடுவதைக் காட்டாமல் கதை முடிவதில் சிலருக்குக் குறை. அந்த முடிசூட்டு 985இல், உத்தம சோழனுக்குப் பிறகு நடந்தது. அதுவரை கதையை இழுத்திருந்தால், விட்டுக்கொடுத்த மகுடம் வெறும் தள்ளிவைத்த மகுடமாகியிருக்கும்.