நோகாத பாதம் வீங்கும்போது

நெடுங்காலச் சீனி வருத்தம் கால் நரம்புகளை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்து, உள்ளங்காலில் பத்து கிராம் அளவு அழுத்தும் நைலோன் இழையின் தொடுகையைக்கூட உணர முடியாத நிலைக்கு ஒருவரைக் கொண்டுவந்து விடுகிறது. அந்த நிலையை அடைந்த பாதத்தில் புண் ஏதும் வராமலே உள்ளே என்புகள் நொறுங்கி, மூட்டுகள் இடம்விலகி, பாதத்தின் வடிவமே குலைந்துபோகக்கூடிய ஒரு நோய் உண்டு. அதுவே ஷார்கோ பாதம் எனப்படுகிறது. 1868இல் பாரிஸ் நகர நரம்பியல் மருத்துவர் ஜான் மார்ட்டின் ஷார்கோ, மேகநோய் முள்ளந்தண்டு வடத்தைத் தாக்கியவர்களின் மூட்டுகள் இவ்வாறு சிதைவதை விவரித்ததால் அவருடைய பெயர் இதற்கு அமைந்தது. சீனி வருத்தத்துடன் இதற்குள்ள தொடர்பை ஜோர்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1936இல் எழுதினார். இன்று கல்முனைக் கரையோரத்து வைத்தியசாலைகளில் இந்நோயைத் தேடுவதென்றால், சீனி கிளினிக்குக்கு நெடுங்காலமாக வருபவர்களிடமே முதலில் தேட வேண்டும்.

உணர்வு நரம்பு சேதமடைந்தவருக்குச் சிறு சுளுக்கோ என்பு வெடிப்போ நோவதில்லை. ஆகையால் அவர் அந்தக் காலிலேயே தொடர்ந்து நடக்கிறார். இரத்தக் குழாய்களின் விரிவையும் சுருக்கத்தையும் ஆளும் தன்னியக்க நரம்புகளும் சேர்ந்தே சேதமடைந்திருப்பதால் பாதத்துக்குள் இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. அடிபட்ட இடத்தில் எழும் அழற்சி, என்பைக் கரைக்கும் கலங்களைத் தூண்டிவிட, என்பு தன் வலுவை இழக்கிறது. வலுவிழந்த என்பின் மேல் நடை விழ, அந்த நடையால் முறிவு கூட, முறிவினால் அழற்சி மேலும் பெருகுகிறது. இந்தச் சுழற்சியை அறுக்கும் நம்பகமான வழியாக இன்றுவரை இருப்பது, அந்தக் காலின் மேல் உடற்பாரம் விழாமல் செய்வதே.

விளக்கத்துக்காக, இருபது ஆண்டுகளாகச் சீனி வருத்தம் உள்ள மருதமுனைக் கைத்தறி நெசவாளி ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். வீட்டுப் படியில் கால் சற்றுத் தடுக்கிய சில நாட்களில் அவருடைய இடது பாதம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுகிறது. நோவு இல்லாததாலோ மிகக் குறைவாக இருப்பதாலோ அவர் தறியின் மிதியை வழக்கம்போல் மிதித்துக்கொண்டிருக்கிறார். முறிவு நெரிவு வைத்தியர் எண்ணெய் தேய்த்துக் கட்டுகிறார். பின்னர் நெசவாளி மருந்துக்கடையில் கிருமிக்கொல்லி மாத்திரை வாங்குகிறார். எக்ஸ்ரே எடுத்தால் அதில் குறை ஒன்றும் தெரிவதில்லை. ஏறத்தாழ எல்லாத் தீங்கும் இந்தச் சில வாரங்களிலேயே நேர்ந்துவிடுகிறது. தொடக்கத்தில் எக்ஸ்ரே சரியாகத் தெரிவது இந்நோயின் இயல்பு என்பதை அறியாமல், "என்பில் ஒன்றுமில்லை, நடக்கலாம்" என்று சொல்லி அனுப்பப்படுவதைவிடக் கேடான அறிவுரை இவருக்கு வேறில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கும் வசதி இருந்தால், என்புக்குள் ஊறிய நீர் அந்த நேரத்திலேயே தெரிந்துவிடும்.

கிருமித்தொற்றா, ஷார்கோ பாதமா என்று பிரித்தறிய எளிய வழிகள் சில உள்ளன. தோலில் புண்ணோ வெடிப்போ இல்லாமல் பாதத்தின் என்புக்குள் கிருமி புகுவது அரிது. நோயாளியைப் படுக்கவைத்துக் காலைச் சில நிமிடங்கள் உயர்த்திப் பிடித்தால், ஷார்கோ பாதத்தின் சிவப்பு பெரும்பாலும் மங்கும். தொற்றின் சிவப்பு அப்படி எளிதில் மங்குவதில்லை. தோலின் வெப்பத்தை அளக்கும் கருவியால் இரு பாதங்களையும் ஒரே இடத்தில் அளந்தால், நோயுற்ற பாதம் மற்றதைவிட இரண்டு பாகை செல்சியஸ் அல்லது அதற்கும் மேல் சூடாக இருக்கும். இவற்றில் எதுவும் தனித்து நின்று முடிவு சொல்லாது. காய்ச்சலோ புண்ணோ இருந்தால் தொற்றையே முதலில் ஐயுற வேண்டும். எனினும் உணர்விழந்த பாதம் திடீரெனச் சூடாகி வீங்கினால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை ஷார்கோ பாதமாகவே கருதி அன்றே நடையை நிறுத்திவிடுவது பாதுகாப்பானது.

பாரம் நீக்குவதற்கான சிறந்த முறையாக உலகெங்கும் கொள்ளப்படும் முழுத்தொடுகைப் பிளாஸ்டரின் வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு என்பது இந்த நாட்டிலேயே போதிய அளவு அறியப்படவில்லை. 1930களில் கொழும்பில் சத்திரசிகிச்சை நிபுணர் மில்ரோய் போல், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களின் புண்களைப் பிளாஸ்டர் கட்டி ஆற்றினார். கொல்லிமலையில் பிறந்து வேலூரில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய போல் பிராண்ட், 1960களில் அமெரிக்காவுக்குச் சென்றபோது இம்முறையை அங்கே கொண்டுசென்றார். அங்கிருந்தே அது சீனி வருத்தப் பாதங்களுக்குப் பரவியது. சாதாரண முறிவுப் பிளாஸ்டரைப்போல் இதற்குள் பஞ்சு தடிப்பாக வைக்கப்படுவதில்லை. முழங்காலுக்குக் கீழிருந்து விரல்கள்வரை காலின் வடிவத்தை ஒட்டியே வார்க்கப்படுவதால், பாரத்தில் ஒரு பகுதியைக் கெண்டைக்கால் ஏற்க, எஞ்சியது உள்ளங்கால் முழுவதிலும் பரவுகிறது. வீக்கம் விரைவில் வற்றிப் பிளாஸ்டர் தளர்ந்துவிடுவதால் முதலாவதைச் சில நாட்களிலேயே மாற்ற வேண்டும். பின்னர் ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றப்படும். காலுக்கு இரத்தம் போதாதவருக்கும் ஆழ்ந்த தொற்று உள்ளவருக்கும் இதைக் கட்டலாகாது.

கழற்றக்கூடிய சப்பாத்துக் கருவியால் ஏன் அதே பயன் கிடைப்பதில்லை என்பதற்கு, 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு விடை தருகிறது: பாதப் புண் உள்ளவர்கள் எடுத்துவைத்த அடிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 மட்டுமே கருவி அணிந்த நிலையில் வைக்கப்பட்டன. வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுகிறார்கள்; நோவு தடுக்காத பாதத்தில் அது இயல்பே. மேலே குறித்த நெசவாளிக்குப் பிளாஸ்டர் மூன்று முதல் ஆறு மாதங்களும், சிலவேளை அதற்கு மேலும் தேவைப்படலாம். அந்தக் காலம் முழுவதும் தறி மிதிப்பதையும் நிறுத்த வேண்டும். ஆகவே வீட்டு வருமானத்தைப் பற்றிப் பேசாமல் தரப்படும் சிகிச்சை பாதி வழியிலேயே நின்றுவிடும். தொழுகையில் காலை மடித்து விரல்களை ஊன்றி அமரும் இருப்பு முன்பாதத்தை அழுத்துவதால், நோயாளிக்குரிய சலுகையைக் கொண்டு அவர் கதிரையில் அமர்ந்து தொழலாம். பிளாஸ்டர் நனையாதிருக்க, வுளூவின்போது அதன் மேல் ஈரக்கையால் மஸ்ஹுச் செய்யும் சலுகையும் உண்டு. இவற்றைக் கிளினிக்கிலேயே எடுத்துச் சொல்வது மருந்துச்சீட்டு எழுதுவதற்கு ஈடான சிகிச்சையாகும். மற்றக் கால் இப்போது கூடுதல் பாரம் தாங்குவதால், பிளாஸ்டரின் உயரத்துக்கு ஏற்ப அந்தக் காலின் பாதணியையும் உயர்த்தி, அதன் வெப்பத்தையும் ஒவ்வொரு வருகையிலும் அளக்க வேண்டும்.

இரு பாதங்களின் வெப்பமும் சமப்பட்டு, அந்நிலை தொடர்ந்து நிலைத்து, என்புகள் பிணைவதை எக்ஸ்ரேயும் காட்டிய பின்னரே பிளாஸ்டர் கைவிடப்படும். அதற்கு முன்பே நடுப்பாத வளைவு சரிந்துவிட்டிருந்தால் உள்ளங்கால் வெளிப்புறமாகப் புடைத்து, நடுவில் ஓர் என்பு தரையைக் குத்தும். நாளடைவில் புண் விழும் இடம் அதுவே. விரலிடுக்கில் வார் கொண்ட மெல்லிய றப்பர் சிலிப்பர் இந்தப் பாதத்துக்குச் சற்றும் ஆகாது: வார் விரலிடுக்கை உரசும், கால் விட்டுக் கழன்றாலும் அணிந்தவருக்குத் தெரியாது, அடிப்பாகம் வளைவதால் நடுப்பாதமும் சேர்ந்து வளையும். ஆழமும் அகலமும் கூடிய, குதிகாலைப் பின்வாரால் பிடித்துக்கொள்ளும் பாதணியும், அதனுள் பாதத்தின் அச்செடுத்து வார்த்த, என்பு புடைத்த இடத்தில் குழிவு விட்ட மெத்தையும் தேவை. தென்னிந்தியத் தொழுநோய் மருத்துவமனைகளில் நெடுங்காலம் பயன்பட்ட நுண்துளை றப்பர் இம்மெத்தைக்கு ஏற்றது. மலிவானது, உள்ளூர்ச் சப்பாத்துத் தொழிலாளியாலும் வெட்டி ஒட்டக்கூடியது. அடித்தளமோ விறைப்பாகவும், முன்புறம் படகின் அடிபோல் மேல்நோக்கி வளைந்தும் இருக்க வேண்டும். அப்போது பாதம் மடியாமலே உடல் முன்னோக்கி உருண்டு செல்லும்.

புதிய பாதணியை முதல் நாளில் ஒரு மணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றி, உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். சிவந்த தழும்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தில் மெத்தையைத் திருத்தியாக வேண்டும். கடற்கரை ஊர்களில் மணலும் சிப்பித் துண்டும் பாதணிக்குள் புகுவது எளிது. ஆகையால் ஒவ்வொரு முறையும் அணியுமுன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், கைவிரலின் உணர்வும் மங்கியிருந்தால் வீட்டிலுள்ள வேறொருவர் அதைச் செய்ய வேண்டும். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் வழக்கம் ஊன்றிய இப்பகுதியில், அதே மெத்தை வைத்த சோடி ஒன்றை வீட்டுப் பாவனைக்கெனத் தனியே வைத்துக்கொள்வது நல்லது. மெத்தை நாள்தோறும் நசுங்கித் தன் மென்மையை இழப்பதால் ஆண்டுக்கு ஒருமுறையேனும், கூடுதலாக நடப்பவர்களுக்கு அதற்கு முன்னரும், புதிதாக வார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.