சாரதியின் நான்கரை மணித்தியாலம்



வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் நம்மவர் பலருக்குக் கொலன்னாவை என்றவுடன் நினைவுக்கு வருபவை அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளே. அங்கிருந்து நாட்டின் பல திசைகளுக்கும் எரிபொருள் ஏற்றிச் செல்லும் பவுசர்களை நாம் அன்றாடம் வீதியிற் காண்கிறோம். எரிபொருள் விலையைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். ஆனால், அந்தப் பவுசரின் சாரதி எப்பொழுது உறங்கினார் என்று நம்முள் எவரும் கேட்பதில்லை. சட்டம் அக்கேள்வியைக் கேட்கிறது. அது கேட்கும் விதத்தையே இன்று சிறிது விரிவாக நோக்குவோம்.

சொந்தக் காரோட்டிக்கு இல்லாத ஒரு கட்டுப்பாடு லொறிச் சாரதிக்கும் பஸ் சாரதிக்கும் உண்டு. இலங்கையின் மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமாகும். அதன்படி லொறியையோ பஸ்ஸையோ ஒருவர் நான்கரை மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ச்சியாக ஓட்டலாகாது. இருபத்துநான்கு மணித்தியாலத்துள் பத்து மணித்தியாலமேனும் இடையறாத ஓய்வு அவருக்குக் கிடைத்தல் வேண்டும். "இடையறாத" என்ற சொல்லிலேதான் இவ்விதியின் உயிர் இருக்கிறது. மூன்று மணித்தியாலம் இங்கும் நான்கு மணித்தியாலம் அங்குமாகத் துண்டுபட்ட தூக்கங்களைக் கூட்டிப் பத்து என்று கணக்குக் காட்ட இயலாது.

இவ்வகை விதிகள் இந்நாட்டில் மட்டும் தோன்றியவையல்ல. பிரித்தானியாவின் 1930ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம் தொடர்ச்சியான ஓட்டத்துக்கு ஐந்தரை மணித்தியாலமும், ஒரு நாளின் மொத்த ஓட்டத்துக்குப் பதினொரு மணித்தியாலமும் எல்லையாக வகுத்தது. அதில் இரண்டு நுட்பமான ஏற்பாடுகள் இருந்தன. இடையில் அரை மணித்தியாலமேனும் இளைப்பாற வாய்ப்பில்லாவிடின், வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினாலும் அது தொடர்ச்சியான ஓட்டமே. அன்றியும், வண்டி தொடர்பாகவோ சரக்குத் தொடர்பாகவோ சாரதி செய்யும் பிற வேலையும் ஓட்டிய நேரமாகவே கணிக்கப்படும். இந்தியாவின் 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேறு வழியிற் சென்றது. அது நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணித்தியாலம் என்று வேலை நேரத்தையே வரையறுத்தது.

இனி ஒரு பயணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இது நாம் கற்பனையாக அமைத்துக்கொண்ட பயணமே. ஆயினும், தொழிலை அறிந்தவர்கள் இதனை வழக்கத்துக்கு மாறானதென்று சொல்லமாட்டார்கள்.

ஒரு சாரதி விடியற்காலை நான்கு மணிக்கு எழுகிறார். ஆறு மணிக்குக் கொலன்னாவை வாயிலில் வரிசையில் நிற்கிறார். தாள்களைக் காட்டி, முறை வந்ததும் எண்ணெய் ஏற்றி, மூடிகளைச் சரிபார்த்து முத்திரை இடுவித்து, வெளியே வரும்போது பத்து மணி. யாழ்ப்பாணம் ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். எண்ணெய் நிறைந்த பவுசர் ஊர்களையும் சந்திகளையும் கடந்து செல்கையில் மணிக்குச் சராசரி நாற்பது கிலோமீற்றர் செல்வதாகக் கொள்வோம். குருநாகல் வழியாகத் தம்புள்ளையை அடைய மூன்றே முக்கால் மணித்தியாலமாகிறது. அங்கே அவர் அரை மணித்தியாலம் நின்று உண்கிறார். பின்னர் வவுனியாவுக்கு இரண்டரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல். மீண்டும் அரை மணித்தியாலம் இளைப்பாறல். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறக்குறைய மூன்றரை மணித்தியாலம். அவர் சென்று சேரும்போது இரவு ஒன்பது மணியாகிவிடுகிறது.

இப்பயணத்தில் அவர் நான்கரை மணித்தியால எல்லையை ஒரு முறையேனும் மீறவில்லை. சில்லுச் சுழன்ற நேரத்தை மட்டும் கூட்டினால் பத்து மணித்தியாலம். ஆனால், காலையில் வாயிலில் நின்ற நான்கு மணித்தியாலத்தை, மேலே சொன்ன 1930ஆம் ஆண்டு முறைப்படி வேலையாகச் சேர்த்தால், தொகை பதினான்காகிறது. அவ்வளவில் அம்முறையின் பதினொரு மணித்தியால எல்லை கடந்துபோயிற்று. வரிசையில் நிற்பதை ஓய்வென்று சொல்லும் முதலாளிமார் உண்டு. வரிசை நகரும்போதெல்லாம் வண்டியை நகர்த்தவேண்டியவருக்கு அது எவ்வகை ஓய்வென்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். காலை நான்கு மணிக்கு எழுந்தவர் இரவு ஒன்பது மணிக்குப் பதினேழு மணித்தியாலம் விழித்திருந்தவராகிறார். இந்தப் பதினேழு என்ற எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு. அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பதினேழு மணித்தியாலம் உறங்காதிருந்தவரின் கையும் கண்ணும் ஒத்தியங்கும் திறன், இரத்தத்தில் நூற்றுக்கு 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் திறனளவுக்குக் குறைந்திருக்கக் கண்டனர். பல நாடுகளில் வாகனம் ஓட்டுவதற்குரிய மதுசார எல்லையே அதுதான். இருபத்துநான்கு மணித்தியாலம் விழித்திருந்தவரின் நிலையோ ஏறத்தாழ 0.1 வீதத்துக்கு ஒப்பாயிருந்தது. மது அருந்தியவரைப் பொலிசார் ஊதச் செய்து கண்டுபிடிக்கலாம். தூக்கத்தை அளக்க அத்தகைய குழாய் எதுவும் வீதியோரத்தில் இல்லை.

ஆகவே, உண்மையைத் தாள்களில்தான் தேடவேண்டும். வாயிலிலிருந்து வெளியேறிய நேரம் ஒரு தாளில் இருக்கிறது. எரிபொருள் நிலையத்தில் எண்ணெய் இறக்கிய நேரம் இன்னொரு தாளில். அதே வண்டி மறுபடியும் கொலன்னாவைக்கு வந்த நேரம் மூன்றாவதில். இம்மூன்றையும் அருகருகே வைத்தால், பத்து மணித்தியால ஓய்வுக்கு இடமிருந்ததா என்று கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் சொல்லிவிடலாம். இரவு ஒன்பது மணிக்கு யாழ்ப்பாணம் சேர்ந்த பவுசர், மறுநாள் காலை எட்டு மணிக்குக் கொலன்னாவை வாயிலில் நின்றால், ஒன்று அதனை வேறொரு சாரதி ஓட்டி வந்திருக்கவேண்டும். அல்லது அதே மனிதர் உறங்காமல் வந்திருக்கவேண்டும். ஐரோப்பிய நாடுகளில் ஓட்டத்தையும் ஓய்வையும் தானே பதியும் கருவி வண்டிக்குள்ளேயே பொருத்தப்படுகிறது. அங்கே நான்கரை மணித்தியால ஓட்டத்துக்குப் பின் நாற்பத்தைந்து நிமிட இடைவேளை கட்டாயம்.

பஸ் சாரதியின் நிலைமை இன்னும் கடினமானது. அவருடைய சுமை தானே நகரும் சுமை. 2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் ஒன்று கொத்மலைப் பகுதியில் கரண்டி எல்ல என்னுமிடத்திற் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்விபத்தின் காரணத்தை இங்கு நான் தீர்ப்பாகக் கூறப்போவதில்லை. ஆயினும், நேரத்தைக் கவனியுங்கள். பின்னிரவு இரண்டு மணி முதல் விடியல்வரை மனித உடல் தூக்கத்தை மிகுதியாக நாடுகிறது. பகலில் நன்றாக உறங்கியவருக்கும் இது பொருந்தும். மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்தில், மூன்று விநாடி கண் அயர்ந்தால் வண்டி ஐம்பது மீற்றர் சென்றுவிடும். மலைவீதியின் வளைவுக்கு அவ்வளவு தூரம் வேண்டியதில்லை.

ஆசனங்களுக்கு மேலாகப் பயணிகளை நிற்க வைத்து ஏற்றுவதும் சாரதியின் களைப்பும் வேறு வேறு குற்றங்களாகத் தோன்றலாம். இரண்டும் ஓரிடத்திற் சந்திக்கின்றன. நிற்பவர்கள் கூடக்கூட வண்டியின் பாரம் மேலேறுகிறது. வளைவிற் சரியும் தன்மை மிகுகிறது. தடையை அழுத்தினால் நிற்கும் தூரமும் நீளுகிறது. அதாவது, சாரதி பிழை செய்தபின் திருத்திக்கொள்வதற்கு இருந்த சிறு அவகாசமும் போய்விடுகிறது.

இந்த நேர எல்லை லொறிக்கும் பஸ்ஸுக்கும் உரியது. வாடகைக் காரும் முச்சக்கர வண்டியும் ஓட்டுபவர் காலை முதல் நள்ளிரவுவரை ஓட்டினாலும் அவருடைய நேரத்தை எண்ணுவார் அரியர். இரவில் நீண்ட தூரத்துக்கு வாடகைக் கார் அமர்த்துபவர்கள், புறப்படுமுன் சாரதியிடம், "அண்ணை, இன்றைக்கு எத்தனை மணிக்கு எழும்பினீங்கள்?" என்று கேட்டுப் பார்க்கலாம். மறுமொழி சொல்ல அவர் தயங்கினால், வேறொரு வண்டியை அமர்த்திக்கொள்ளலாம்.

நம் பவுசர்ச் சாரதியிடம் திரும்புவோம். இரவே எண்ணெயை இறக்கி முடிக்கப் பத்து மணியாகிறது. பத்து மணித்தியாலம் கூட்டினால் மறுநாள் காலை எட்டு. அதுவரை அவர் கால் நீட்டிப் படுப்பதற்கு ஓர் அறை வேண்டும். வண்டியின் முன்னிருக்கையில் மடங்கிக் கிடப்பது உறக்கமாகாது. வெறுந்தாங்கிக்குள் ஆவி நிறைந்திருப்பதால், அருகில் அடுப்பு மூட்டித் தேநீர் வைப்பதும் ஆகாது. முன்னைய சரக்கின் கடைசித் துளி இறங்கியபின்னரே தாங்கி மிகுந்த ஆபத்துடையதாகிறது என்பதை அத்தொழிலாளர் நன்கறிவர்.