தொப்புள் மட்டத்தில் ஒரே ஒரு வெட்டுப் படம்

தொப்பையைக் கையால் பிடித்துப் பார்த்தால் விரல்களுக்குள் சிக்குவது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு மட்டும்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு என்று தொல்லை கொடுப்பதில் பெரும்பங்கு அதற்கும் உள்ளே, வயிற்றுத் தசைச் சுவரைத் தாண்டிக் குடலைச் சுற்றிப் படிந்திருக்கும் கொழுப்புக்கு. டாக்டர்கள் இதை 'விசரல் ஃபேட்' என்பார்கள். கைக்கு அகப்படாத இந்தக் கொழுப்பை சி.டி. ஸ்கேனில் அளக்கும் வழியை 1980களில் ஒசாகா பல்கலைக்கழகத்தின் யூஜி மட்சுசாவா குழுவினர் வகுத்தார்கள். தொப்புள் மட்டத்தில் ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படம் போதும் என்பதுதான் அதன் வசதி.

ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்கிறார்கள். இயல்பாக மூச்சை வெளியே விட்டுவிட்டு அப்படியே நிறுத்த வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்தால் உதரவிதானம் கீழே இறங்கிக் குடலைத் தள்ளும். தொப்புளுக்கு நேரே இருப்பது மாறிவிடும்.

படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000, தசைக்கு ஏறக்குறைய 50, கொழுப்புக்கு -100 சுமார். வழக்கமாக -190 முதல் -30 வரை வரும் புள்ளிகளைக் கொழுப்பு என்று கணினி வண்ணம் தீட்டிக் காட்டும். அதன் பிறகுதான் கவனமான வேலை. வயிற்றுத் தசைச் சுவரின் உள்விளிம்பை ஒட்டி ஒரு கோடு வரைய வேண்டும். கோட்டுக்குள் இருக்கும் கொழுப்பு உள்கொழுப்பு. தசைக்கு வெளியே தோல் வரை இருப்பது தோலடிக் கொழுப்பு. முதுகெலும்பை ஒட்டிய தசைகளுக்கு இடையில் இருப்பதை எதிலும் சேர்ப்பதில்லை.

ஒருவருடைய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். படத்தின் அகலம் 40 செ.மீ., அதில் 512 புள்ளிகள் என்றால் ஒரு புள்ளியின் பரப்பு 0.61 சதுர மி.மீ. கோட்டுக்குள் 21,000 கொழுப்புப் புள்ளிகள் இருந்தால் உள்கொழுப்பு 128 சதுர செ.மீ. அவருடைய இடுப்புச் சுற்றளவு 84 செ.மீ.தான், ஆள் பார்க்க ஒல்லி என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் படத்தில் 92 செ.மீ. சுற்றளவுள்ள ஒரு பெண்மணிக்கு உள்கொழுப்பு 70, தோலடியில் 260. அளவு நாடாவை நம்பினால் அந்த அம்மாவைத்தான் எச்சரித்திருப்போம். படம் எச்சரிப்பது ஒல்லியானவரை.

ஜப்பானியர் வைத்திருக்கும் எல்லை 100 சதுர செ.மீ.; ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. நாடாவால் அளக்கும்போது ஆணுக்கு 85, பெண்ணுக்கு 90 செ.மீ. என்று 2005இல் அவர்கள் அறிவித்தது இந்த 100லிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு. பெண்களுக்குத் தோலடிக் கொழுப்பு அதிகம் என்பதால் அதே உள்கொழுப்புக்கு அவர்களுடைய சுற்றளவு கூடுதலாக வருகிறது. இந்தியாவில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 என்று தலைகீழாக இருப்பதற்குக் காரணம், இங்கே எல்லையை அப்படிப் படத்திலிருந்து எடுக்காததுதான். 100 என்பது ஜப்பானிய உடல்வாகை வைத்து வந்த எண் என்பதையும் மறக்கக் கூடாது. 98 வந்தவர் நிம்மதிப் பெருமூச்சு விடவும் 103 வந்தவர் பதறவும் அதில் ஒன்றுமில்லை.

ஏனென்றால் அளவில் பிசகு வர இடம் உண்டு. குடலுக்குள் இருக்கும் மலத்திலும், காற்றுக்குமிழியின் ஓரங்களிலும் கொழுப்பின் எண்ணே வரலாம். கணினி அதையும் சேர்த்துக் கூட்டிவிடும். வண்ணம் தீட்டிய படத்தில் குடலின் உட்புறம் வண்ணம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் இது நடந்திருக்கிறது என்று பொருள். அந்தத் திட்டுகளை ஆள் உட்கார்ந்து அழிக்க வேண்டும். பருத்த வயிறு சரிந்தவர்களுக்குத் தொப்புளும் கீழே இறங்கிவிடுவதால் வெட்டு இடுப்பெலும்பு மட்டத்துக்குப் போய்விடும், உள்கொழுப்பு குறைவாகக் காட்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கும் படம் இரண்டு மூன்று செ.மீ. மேலே அமைந்துவிட்டாலும் எண் மாறும். எடை குறைத்தவருக்குக் கொழுப்பு குறையவே இல்லை என்று தோன்றும். ஆய்வாளர்கள் பலர் தொப்புளை விட்டுவிட்டு, இடுப்பு முதுகெலும்பில் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே வெட்டுவது இதனால்தான். எலும்பு சரிவதில்லை.

இதற்கென்றே போய்க் கதிர்வீச்சு வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. கல்லடைப்புக்கோ வேறெதற்கோ ஏற்கெனவே வயிற்று சி.டி. எடுத்திருந்தால் அதிலேயே இந்த அளவை எடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். தந்தால், எண்ணோடு எந்த மட்டத்தில் வெட்டியது என்பதையும் வண்ணம் தீட்டிய படத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.