வெறுவயிற்றுச் சீனி 92, ஆனால் வீடு நிறையச் சலரோகம்

வட்டக்கச்சியிலிருந்து 38 வயதுச் சகோதரி ஒருவர் தன் இரத்தப் பரிசோதனைத் துண்டையும் வைத்து எழுதியிருக்கிறார். அம்மா, பெரியண்ணா, அக்கா மூவருக்கும் சலரோகம். இவருடைய வெறுவயிற்றுச் சீனி 92.

கேள்வி: 92 என்றால் எனக்கு வருத்தம் இல்லைத்தானே?

பதில்: 100இற்குக் கீழே என்பதால் அது நல்ல எண்தான். ஆனால் இரவு முழுவதும் சாப்பிடாமல் இருக்கும்போது ஈரல் விடுகின்ற சீனியை உடல் சமாளிக்கிறதா என்பதையே அது காட்டுகிறது. ஒரு கோப்பை சோறு உண்டதும் ஏறுகின்ற சீனியை இறக்குவது வேறு வேலை. அதற்குச் சதையி உடனே கூடுதலாக இன்சுலின் சுரக்கவேண்டும். நம்மவர்களில் பலருக்கு இந்த வேலைதான் முதலில் தளர்கிறது. அப்போதும் காலை எண் நன்றாகவே இருக்கும். ஆகவே உங்களைப் போன்றவருக்குக் குளுக்கோசு குடித்துச் செய்யும் பரிசோதனையையும் செய்யும்படி நான் சொல்வேன்.

கேள்வி: அதற்கு எப்படி ஆயத்தமாவது?

பதில்: முதல் மூன்று நாளும் வழக்கம்போலச் சோறு, பிட்டு சாப்பிடுங்கள். நல்ல எண் வரட்டும் என்று சோற்றைக் குறைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் முடிவு பிழைத்துவிடும். இரவுச் சாப்பாட்டின்பின் எட்டு மணித்தியாலமாவது தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். காலையில் முதல் இரத்தம் எடுத்தபின், 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கத் தருவார்கள். குடிக்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணித்தியாலம் கழித்து மறுபடி இரத்தம் எடுப்பார்கள். அதுவரை அங்கேயே இருங்கள். தேநீர் குடிக்கவோ கடைக்கு நடக்கவோ கூடாது. வாந்தி எடுத்தால் வேறொரு நாளில்தான் செய்யவேண்டும்.

இரண்டாவது எண் 140இற்குக் கீழே என்றால் இயல்பு. 200 அல்லது மேலே என்றால் நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் இன்னொரு நாள் உறுதிப்படுத்துவார்கள்.

கேள்வி: மூன்று மாதச் சீனியைக் காட்டும் பரிசோதனை போதாதா?

பதில்: அது வசதியானது, சாப்பிட்டுவிட்டும் போகலாம். ஆனால் இரும்புச்சத்துக் குறைந்த சோகை இருந்தால் எண் உண்மையைவிடக் கூடக் காட்டலாம். பெண்களில் இது அடிக்கடி நேர்வதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சகோதரி பரிசோதனை செய்து மறுபடி எழுதினார். காலையில் 94, இரண்டு மணித்தியாலத்தில் 162.

கேள்வி: இனி என்ன? மருந்து தொடங்கவேண்டுமா?

பதில்: இது நீரிழிவு அல்ல, அதன் வாசற்படி. சென்னையில் டொக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் இதே நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடங்கள் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல வாழ்ந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவை மாற்றித் தினமும் அரைமணி நேரம் விரைவாக நடந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. நடந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. அதனால் வருடத்துக்கு ஒருமுறை இதே பரிசோதனை தேவை. மருந்து வேண்டுமா என்பதை உங்கள் நிறையையும் மற்ற எண்களையும் பார்த்து வைத்தியர் தீர்மானிப்பார்.

சோற்றை நிறுத்தவேண்டாம். கோப்பையில் பாதிக்குக் கீரையும் மரக்கறியும், கால்வாசிக்குப் பருப்பு அல்லது மீன், மிச்சத்துக்கு மட்டும் சோறு. தேநீரில் போடும் சீனியை விடுங்கள். இனி ஒரு பிள்ளை உண்டானால், முதல் கிளினிக்கிலேயே இந்த 162ஐ மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள்.